பொருள்: [கலைச்சொல்] வெந்தயத்தின் 'ஓவர் ரோஸ்ட்' கசப்புக்கு என்ன சொல்?

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சாம்பார்ப் பொடி, குழம்புப் பொடி அரைத்து விற்கும் மகளிர் குழுக்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். 'ஓவர் ரோஸ்ட்' என்பதை 'மிகைவறுவல்' ஆக்கி, "மிகைவறுவலால் வெந்தயத்தில் கசப்பு உண்டாகும்" என்று போட்டிருந்தேன். மெய்ப்புப் படித்த அம்மா ஒருவர், "வெந்தயம் வறுக்காட்டியும் கசக்கத்தானே செய்யும்?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. சொல்லை மாற்றினால் போதுமா, வாக்கியத்தையே மாற்ற வேண்டுமா?

இராமநாதன் எழுதியது:

வறுவல் என்றதும் வாழைக்காயும் மீனும்தான் நினைவுக்கு வருகின்றன. அது பண்டத்தின் பெயர், செயலின் பெயர் வறுப்பு. சித்த மருத்துவத்தில் 'இளவறுப்பாய் வறுத்து' என்பார்கள். அதற்கு எதிர்ப்பதமாகக் 'கருவறுப்பு' என்று வைக்கலாமே? கசப்புக்குக் காரணம் டிரைகோனெலின் என்ற பொருள். வறுக்க வறுக்க அது கூடும், விதை கறுத்ததும் கசப்பு உச்சத்துக்குப் போகும். எனவே வெறுமனே 'கருகல்' என்றாலும் தவறில்லை.

மீனாட்சி எழுதியது:

ஐயா, இளவறுப்பு அருமையான சொல். ஆனால் 'கருவறுப்பு' வேண்டாம். கருவறுப்பது என்றால் வேரோடு அழிப்பது. பொடி விற்கிற புத்தகத்தில் அது வந்தால் சிரிப்பார்கள்.

டிரைகோனெலின் வறுக்கும்போது கூடாது, சிதைந்து குறையும். காப்பிக்கொட்டையிலும் அதே கதைதான். பச்சை வெந்தயத்தின் கசப்புக்கு அதோடு சப்போனின்களும் காரணம். தீய்ந்த வெந்தயத்தின் கசப்பு வேறு. விதையிலுள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து சிவக்கும்போது முதலில் நல்ல மணம் வருகிறது. அதே வேலை எல்லை தாண்டினால் கசப்பான பொருள்கள் உண்டாகின்றன. வறுப்பின் தொடக்கத்தில் பச்சைக் கசப்பு மட்டுப்படும், முடிவில் இன்னொரு கசப்பு வந்து ஏறும். செல்வியின் வாக்கியம் இடறுவது இங்கேதான். கசப்பு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லப் பார்க்கிறது.

'கருகல்' போதாது என்பதற்கும் காரணம் உண்டு. கறுக்கும் முன்பே காரியம் கெட்டுவிடும். மஞ்சள் விதை பொன்னிறமாகி, லேசாகச் செம்பழுப்பு தட்டி, வாணலியில் ஒன்றிரண்டு துள்ளும்போது இறக்கிவிட வேண்டும். அடர்பழுப்புக்குப் போனால், கறுப்பே தெரியாவிட்டாலும் பொடி கசக்கும். ஒரு விதையை நசுக்கி நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். பச்சைக் கசப்பு கொஞ்சம் தங்கிக் கரையும். தீய்ந்தது தொண்டை வரை போய் நிற்கும், காறலாக இருக்கும்.

கையேட்டில் வருகிற அளவையே எடுத்துக்கொள்வோம்: 1 கிலோ மல்லி, 500 கிராம் மிளகாய், 250 கிராம் துவரம்பருப்பு, 50 கிராம் வெந்தயம். பலரும் மல்லியோடு வெந்தயத்தையும் ஒன்றாகக் கொட்டி வறுக்கிறார்கள். மல்லி எடை குறைந்தது, பெரிது, மேலே நிற்கும். வெந்தயம் சின்னது, கனமானது, இடுக்கு வழியே இறங்கி வாணலியின் அடியில் போய் உட்காரும். மல்லி மணக்கும் நேரத்துக்குள் அடியில் கிடந்த வெந்தயம் தீய்ந்திருக்கும். பருப்பை வறுத்த கையோடு அதே வாணலியில் வெந்தயத்தைப் போடுவதும் இதே தப்புதான், இரும்பு அதற்குள் அதிகமாகக் காய்ந்திருக்கும்.

அதனால் வெந்தயத்தை முதலில், தனியாக, அடிகனத்த வாணலியில், சிறு தீயில் வறுக்கச் சொல்லுங்கள். 50 கிராமுக்கு நாலைந்து நிமிடம் பிடிக்கும், கை நிற்காமல் கிளற வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் இன்னும் வறுபடும். எனவே வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே தட்டில் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். தீய்ந்துவிட்டால் அந்த 50 கிராமைத் தூக்கிப் போடுவதே லாபம், அரைத்துக் கலந்துவிட்டால் இரண்டு கிலோ பொடிக்கு நெருக்கமாகக் கெடும்.

பாஸ்கர் எழுதியது:

பயனுள்ள இழை. எங்கள் வீட்டிலும் இதே தொல்லை. இட்லி மாவுக்கு வெந்தயத்தைச் சிறு தீயில் வறுப்பதே இல்லை, ஊறத்தான் வைக்கிறோம். 4 டம்ளர் அரிசிக்கு 3 மேசைக்கரண்டி. அப்படியும் தோசை கசக்கிறதே? பொடியில் கொஞ்சம் வெல்லம் போட்டால் கசப்பு போய்விடும் என்றும் சொல்கிறார்கள்.

மீனாட்சி எழுதியது:

பாஸ்கர் ஐயா, உங்களுடையது வறுப்புச் சிக்கலே இல்லை, அளவுச் சிக்கல். 4 டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி போதும். உங்கள் அளவு அதைப் போல ஒன்பது மடங்கு. ஆனால் உங்கள் கேள்வி எனக்கு உதவுகிறது: தீயே படாமல் வருகிற கசப்பு அது. வெல்லம் அதை நாக்குக்கு மறைக்கும், நீக்காது. தீய்ந்த கசப்பைச் சரியாக மறைக்கவும் முடியாது.

ஆகவே இரண்டு சொல் வைப்போம். உடன்பிறந்த கசப்பு 'விதைக்கசப்பு'. தீயால் வந்தது 'காந்தற்கசப்பு'. அடிப்பிடித்த சோற்றைக் காந்தல் என்கிறோமே, அதிலிருந்து எடுத்தேன்.

தயாளினி எழுதியது:

காந்தல் எண்டால் எங்களுக்கு மிளகாய் பட்டுக் கை எரியிற உணர்வுதான் முதலில வரும். காரத்தையோ கசப்பையோ சொல்லுறியள் எண்டு குழம்பும். 'தீய்கசப்பு' எண்டால் என்ன?

இன்னொண்டு. யாழ்ப்பாணத் தூளுக்கு நாங்கள் நல்லா மணக்க வறுக்கிறது. நிறமும் உங்கட சாம்பார்ப் பொடியை விடக் கடுமையா இருக்கும். ஆனா அதிலயும் வெந்தயத்தைக் கடுமையா விடுறேல்லை, கொஞ்சமாத்தான் போடுறது. "எல்லாம் பொன்னிறமாக வறுக்க" எண்டு ஒரே வரியில எழுதினால் எங்கட ஆக்களுக்குப் பொருந்தாது. வெந்தயத்துக்கு மட்டும் நிறத்தைத் தனியாச் சொல்லுங்கோ.

இராமநாதன் எழுதியது:

டிரைகோனெலின் பற்றிய திருத்தத்துக்கு நன்றி, ஏற்கிறேன். 'தீய்கசப்பு' வினைத்தொகை, சுருக்கமாக இருக்கிறது. 'காந்தற்கசப்பு' புணர்ச்சிப்படி சரி, ஆனால் எல்லாரும் 'காந்தல் கசப்பு' என்றுதான் தட்டச்சுவார்கள். ஒரு சந்தேகம்: தாளிப்பில் இதே சொல் செல்லுமா? அங்கே எண்ணெய் அல்லவா சுடுகிறது?

மீனாட்சி எழுதியது:

செல்லும், அங்கே இன்னும் வேகமாக நடக்கும். வத்தக்குழம்புக்கு நல்லெண்ணெயில் கடுகு வெடிக்கிற சூட்டில் வெந்தயத்தைப் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் தீய்ந்துவிடும். கடுகு வெடித்து ஓய்ந்ததும் தீயைக் குறைத்து, கால் தேக்கரண்டி வெந்தயம் போட்டு, நிறம் திரும்பியவுடனே புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். தண்ணீர் சேர்ந்தால் சூடு கொதிநிலையைத் தாண்டாது, வறுபடுவது அங்கேயே நிற்கும். வெங்காயம் வதங்கட்டும் என்று காத்திருந்தால் வெந்தயம் காத்திருக்காது. வெங்காயம் முதலில் வதங்க வேண்டிய குழம்பு என்றால், வறுத்த வெந்தயப் பொடியைக் கடைசியில் ஒரு சிட்டிகை தூவுங்கள்.

சொல்லில் எனக்கு இன்னும் 'காந்தல்' பக்கம்தான் சாய்வு. 'தீய்கசப்பு' நாவில் நன்றாக உருள்கிறது, ஆனால் 'தேய்கசப்பு' என்று அச்சுப்பிழை வரப் போகிறது, பாருங்கள்.

செல்வி எழுதியது:

அச்சுக்கு முன் ஒரு வாரம் இருக்கிறது. இப்போதைக்கு வாக்கியத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்: "வெந்தயத்தை இளவறுப்பாக, லேசான செம்பழுப்பு வரை மட்டும் தனியாக வறுக்கவும். இதைத் தாண்டினால் விதைக்கசப்போடு தீய்ந்த கசப்பும் சேரும், அது நீங்காது." 'விதைக்கசப்பு' சொல்லடைவில் ஏறிவிட்டது. 'தீய்ந்த கசப்பு' இருக்கும் இடத்தில் எதை வைப்பது என்று கொங்கு, நெல்லைப் பக்கத்து உறுப்பினர்கள் யாராவது சொல்லுங்களேன். உங்கள் அடுக்களையில் காந்தல் என்றால் அடிப்பிடித்ததா, எரிச்சலா?