நெய்மீன் துண்டு கிலோ எவ்வளவுக்கு அடங்குகிறது? கணக்கு இடிக்கிறது, உதவுங்கள்

பாறசாலை மெஸ்:
பாறசாலையில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். மதியச் சாப்பாட்டோடு நெய்மீன் வறுவல்தான் அதிகம் ஓடுகிறது. மீன் களியக்காவிளைச் சந்தையில் எடுக்கிறோம், வெட்டுவது நம் சமையல்கட்டில். வறுவலுக்கு நல்ல லாபம் நிற்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது, ஆனால் மாதக் கடைசியில் அவ்வளவு கையில் இல்லை.

போன வாரம் எடுத்தது இது: 3 மீன், மொத்தம் 12 கிலோ, கிலோ 700 ரூபாய், ஆக 8,400. வெட்டிய பிறகு துண்டு 8.4 கிலோ வந்தது. தலை 1.9, குடலும் செவுளும் 0.9, துடுப்பும் வாலும் 0.5. மீதி 0.3 கிலோ ரத்தமும் ஐஸ் தண்ணீருமாகப் போயிருக்கும். கழிவு 30 சதவீதம் என்பதால் 700-உடன் 30 சதவீதம் கூட்டி, துண்டு கிலோ 910 என்று வைத்திருக்கிறோம். ஒரு துண்டு 120 கிராம், அப்படியானால் துண்டுக்கு 109 ரூபாய். இதில் எங்கே இடிக்கிறது?

மார்த்தாண்டம் கேட்டரிங்:
அண்ணே, கூட்டக்கூடாது, வகுக்கணும். கொடுத்தது 8,400, கையில் இருப்பது 8.4 கிலோ. அப்போ கிலோ 1,000 ரூபாய். 910 எங்கிருந்து வந்தது? 30 சதவீதம் என்பது 12 கிலோவில் 30, நீங்கள் அதை 700 ரூபாய்க்குப் போட்டுவிட்டீர்கள்.

ஆனால் தலையை வீணாக்க மாட்டீர்கள்தானே? அதைக் கழிக்கணும். 1.9 கிலோவுக்கு 700 வீதம் 1,330 கழித்தால் மீதி 7,070. அதை 8.4-ஆல் வகுத்தால் கிலோ 842. இதுதான் உண்மையான விலை.

தக்கலை அக்கா:
நான் வீட்டிலிருந்து சாளை வறுவலும் குழம்பும் செய்து கொடுக்கிறேன். சாளையில் கழிவு எவ்வளவு என்று யாராவது சொல்லுங்கள். எனக்குக் கழிவைவிட ஆய்கிற கூலிதான் கையைக் கடிக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்தால் காலை முழுக்கப் போய்விடுகிறது.

நாகர்கோவில் ஸ்டோர் கீப்பர்:
திருவனந்தபுரத்தில் ஓட்டல் ஸ்டோரில் வேலை பார்க்கிறேன், மீன் வரவு என் பொறுப்பு. மார்த்தாண்டம் தம்பி வகுக்கச் சொன்னது சரி. தலையை 700 ரூபாய்க்குக் கழித்ததுதான் சரியில்லை. சந்தையில் வெறும் தலை வாங்கப்போனால் என்ன கொடுப்பீர்களோ, அதை மட்டும்தான் கழிக்கலாம். கிலோ 200 என்று வைத்துக்கொள்வோம், 1.9 கிலோவுக்கு 380. தலைக்கு 700 போட்டால் வறுவல் மலிவாகத் தெரியும், தலைக்கறி நட்டத்தில் ஓடும். அந்த நட்டத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

வெட்டுகிறவருக்குத் தனியாகக் கூலி கொடுத்தால் அதைக் கூட்டுங்கள். முழு மீன் எடைக்குக் கிலோவுக்கு 20 என்றால் 240. ஆக 8,400-இல் 380 கழித்து 240 கூட்டினால் 8,260.

இனி, 8.4 கிலோவும் வறுவல் துண்டா? வால் பக்கத்துச் சின்னத் துண்டும் கழுத்துப் பக்கத்துக் கோணல் துண்டும் வாடிக்கையாளர் தட்டில் 120 கிராம் துண்டாகப் போகாது, குழம்புக்குத்தான் போகும். அதை எப்போதாவது தனியே நிறுத்துப் பார்த்தீர்களா?

பாறசாலை மெஸ்:
பார்த்தோம். 1.2 கிலோ வந்தது, குழம்பில்தான் போடுகிறோம். அதுவும் துண்டுதானே என்று தனிக்கணக்கு வைக்கவில்லை.

நாகர்கோவில் ஸ்டோர் கீப்பர்:
அப்போ கணக்கு முடிகிறது. அந்த 1.2 கிலோ இல்லாவிட்டால் குழம்புக்கு வேறு மீன் என்ன விலைக்கு வாங்கியிருப்பீர்கள்? 500 என்றால் 600 ரூபாய் குழம்புக்கணக்கில் எழுதுங்கள். 8,260-இல் 600 போனால் 7,660. வறுவலுக்கு மிஞ்சுவது 7.2 கிலோ, அதாவது 60 துண்டு. துண்டுக்கு 127 ரூபாய் 67 காசு. நீங்கள் நினைத்தது 109. எண்ணெய், மசாலா, கேஸ் எதுவும் சேராமலே துண்டுக்கு 18 ரூபாய்க்கு மேல் இடிக்கிறது. மாதக் கடைசியில் காணாமல் போவதில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அக்கா, சாளைக்கும் வகுக்கிற முறை இதேதான், ஆனால் என் சதவீதம் உங்களுக்குப் பயன்படாது. ஒரு கிலோ மீன் ஆய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அந்த நேரத்துக்கான கூலியை மீன் விலையோடு கூட்டி, ஆய்ந்து வந்த எடையால் வகுங்கள்.

பாறசாலை மெஸ்:
நன்றி அண்ணாச்சி. இன்று மறுபடி எடுத்துப் பார்த்தோம், இப்போது வேறு குழப்பம். மீன் 11.6 கிலோ. துண்டு 8.5, தலை 1.85, குடல் செவுள் 0.9, துடுப்பு வால் 0.5. கூட்டினால் 11.75 வருகிறது! தராசு கெட்டுவிட்டதா?

மார்த்தாண்டம் கேட்டரிங்:
தராசாகத்தான் இருக்கும். எடைக்கல் வைத்துச் சரி பாருங்கள்.

நாகர்கோவில் ஸ்டோர் கீப்பர்:
தராசைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் முதலில் ஒன்று கேட்கிறேன், துண்டைக் கழுவிய கையோடு நிறுத்தீர்களா?

பாறசாலை மெஸ்:
ஆமாம். மஞ்சளும் உப்பும் போட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, எடுத்து அப்படியே நிறுத்தோம்.

நாகர்கோவில் ஸ்டோர் கீப்பர்:
அதுதான். துண்டு தண்ணீர் பிடித்திருக்கிறது. பகுதிகளைக் கூட்டினால் முழு மீன் எடையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரவேண்டும். கூடினால் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. ரொம்பக் குறைந்தால் ஏதோ ஒரு பகுதி நிறுக்காமல் போயிருக்கிறது. சோதனை எடுக்கிற அன்று இந்தக் கூட்டலைப் போடாமல் சதவீதத்தை நம்ப வேண்டாம்.

வெட்டியதும் கழுவுமுன் நிறுங்கள். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் ஓட்டைத் தட்டில் சாய்த்து வைத்து, சொட்டுவது நின்ற பிறகு நிறுங்கள். வாங்கும்போதும் அப்படியே. வயிற்றுக்குள் ஐஸ் அடைத்திருந்தால் தட்டிவிட்டு, தண்ணீர் வடிந்ததும் உங்கள் தராசில் ஒருமுறை நிறுங்கள். ஐஸுக்கும் மீன் விலை கொடுத்தால் அதுவும் கழிவுதான்.

பாறசாலை மெஸ்:
காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் ட்ரே அடியில் ரோஸ் நிறத்தில் தண்ணீர் கட்டி நின்றது. துண்டை வடித்து மறுபடி நிறுத்தால் 8.2 கிலோதான். இரவோடு 300 கிராம் போய்விட்டது. 11.6-க்கு 8.2 என்றால் சுமார் 71 சதவீதம், போன வாரத்தோடு ஒத்துப்போகிறது. நேற்றைய 8.5-ஐ நம்பியிருந்தால் 73 என்று எழுதியிருப்போம்.

சந்தையில் விலை தினமும் மாறுகிறதே, தினமும் இப்படி நிறுக்க வேண்டுமா?

நாகர்கோவில் ஸ்டோர் கீப்பர்:
வேண்டாம். விலை மாறினாலும் மீனின் உடம்பு மாறாது. 12-ஐ 8.4-ஆல் வகுத்தால் சுமார் 1.43. இந்த எண்ணை ஸ்டோர் சுவரில் எழுதி வையுங்கள். இன்று கிலோ 850 என்றால் 1.43-ஆல் பெருக்கினால் துண்டு கிலோ 1,215 ரூபாய் சொச்சம். தலையும் குழம்புத் துண்டும் அப்புறம் கழித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த எண் உங்கள் 4 கிலோ மீனுக்கு மட்டும். ஒன்றரை கிலோ மீன் எடுத்தால் தனியாகச் சோதனை செய்யுங்கள். வெட்டுகிற ஆள் மாறினாலும் அப்படியே, தலையோடு எவ்வளவு சதை போகிறது என்பது அவர் கத்தி வைக்கிற இடத்தைப் பொறுத்தது. ஜூன், ஜூலை தடைக்காலத்தில் வெளியூர் ஐஸ் மீன்தான் அதிகம் வரும், அப்போது ஒருமுறை மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

மார்த்தாண்டம் கேட்டரிங்:
தலை விஷயத்தில் இன்னும் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் பக்கம் நெய்மீன் தலைக்கறி ஒரு சட்டி நல்ல விலைக்குப் போகிறது. விற்கிற விலையை வைத்துப் பங்கு போடாமல், சந்தையில் தனித்தலை 200 என்று ஏன் வைக்க வேண்டும்?

நாகர்கோவில் ஸ்டோர் கீப்பர்:
தம்பி, தலை தினமும் விற்றுத் தீர்ந்தால் நீங்கள் சொல்கிற மாதிரியும் போடலாம், சில ஓட்டல்களில் போடுகிறார்கள். தீராத நாளில் ஃப்ரீசரில் கிடக்கிற தலையை என்ன விலைக்கு எழுதுவீர்கள்? அந்தப் பயத்தில்தான் நான் குறைத்து வைக்கிறேன்.

தக்கலை அக்கா:
ஒரு கிலோ சாளை ஆய்ந்து நேரம் பார்த்தேன், 25 நிமிடம். தலையோடு வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் தலை இல்லாமல் கேட்பவர்களுக்கும் ஒரே விலைதான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டு விலை வைத்தால் சண்டைக்கு வருவார்களா?