வரவேற்பில் நாங்கள் நடந்துவந்தபோது வாசித்த பாடல்கள் எவை?

வணக்கம் அண்ணா. சென்ற மாதம் இரண்டாம் சனிக்கிழமை, சிராங்கூன் சாலைப் பக்கத்து மண்டபத்தில் எங்கள் திருமண வரவேற்புக்கு வாசித்தீர்கள். இரவு ஏழரைக்கு நாங்கள் வாசலிலிருந்து மேடைக்கு நடந்தபோது மூன்று பாடல்களைக் கோத்து வாசித்தீர்கள். காணொளிக்காரர் அந்த ஒலியை நீக்கி வேறு இசை சேர்த்துவிட்டார். அத்தையின் கைப்பேசியில் 40 விநாடிதான் இருக்கிறது. அதிலும் பாதி விசில்.

பாடலைக் கண்டறியும் செயலியிலும் போட்டுப் பார்த்தேன். அது வெளியான ஒலிப்பதிவோடுதான் ஒப்பிடும். மேடையில் சுருதியும் வேகமும் மாறுவதால் கைவிரித்துவிட்டது.

முதலாவது சாக்ஸபோன் மட்டும். மோகனம் என்கிறார் அம்மா. தவில் சேர்ந்ததும் இரண்டாவது. மேடைப் படியில் என் கணவருக்கு வேட்டி தடுக்கிய நொடியில் மூன்றாவது தொடங்கியது.

அந்த மூன்று பாடல்கள் எவை, அண்ணா?