நோ காஸ்ட் இஎம்ஐ: அந்த 64 ரூபாய் எங்கிருந்து வந்தது?

சைதைசெல்வம்: 30,000 ரூபாய் போன், மாசம் 5,000, ஆறு மாசம். ஆறஞ்சு முப்பது. நோ காஸ்ட் இஎம்ஐ-ல மறைஞ்சிருக்கிற செலவு இருக்குன்னு கணக்குப்பிள்ளை சொல்றாரே, அது எங்கேய்யா? சும்மா பயமுறுத்தாதீங்க.

கணக்குப்பிள்ளை: கார்டு ஸ்டேட்மென்டைத் திறந்து பாருங்க. முதல் 5,000-க்குக் கீழே தனி வரியில 64 ரூபாய் சொச்சம் நிற்கும். பூஜ்ய வட்டித் திட்டம் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிடுச்சு. அதனால கடைக்காரர் 1,270 ரூபாயை முன்னாடியே தள்ளுபடி பண்ணி, கடனை 28,730 ஆக்குறார். அதுக்கு பேங்க் 15 சதவீத வட்டி போடுது. முதல் மாச வட்டி 359. அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டிதான் அந்த 64. தள்ளுபடி வட்டிக்குச் சரியாப் போயிடும். வட்டி மேல வர்ற வரி உங்க தலையில.

சைதைசெல்வம்: வட்டிதான் தள்ளுபடியாச்சே, அப்புறம் வரி எதுக்கு? போங்கய்யா, 64 ரூபாய்க்கு இவ்வளவு பிரசங்கமா!

கொங்குக்காரன்: 64 இல்லீங்க, 30,000-க்கு 18 சதவீதம், 5,400 போகுது. பகல்கொள்ளை.

கணக்குப்பிள்ளை: அது போனுக்கான வரி, விலையிலேயே அடங்கிடுச்சு. அதையும் இதையும் குழப்பாதீங்க. வட்டி குறையக் குறைய இந்த வரியும் குறையும். ஆறு மாசத்துக்கும் சேர்த்து 229. பிராசஸிங் ஃபீ 199, அதுக்கும் ஜிஎஸ்டி, ஆக 235. மொத்தம் 464 ரூபாய்க்குள்ள.

மலர்விழி: பொருளைத் திருப்பிக் குடுத்தும் எனக்கு இஎம்ஐ போயிட்டே இருக்கு. இது அந்த 64-ஆ?

கணக்குப்பிள்ளை: இல்லம்மா, அது வேற. கடை பணத்தைத் திருப்பினாலும் பல சமயம் இஎம்ஐ கடன் தானா மூடாது. பேங்க்ல சொல்லி ரத்து பண்ணச் சொல்லுங்க, ரத்தான குறிப்பைக் கேட்டு வாங்கி வச்சுக்குங்க. பிராசஸிங் ஃபீ பெரும்பாலும் திரும்பாது.

சைதைசெல்வம்: 464-ஐத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஊரையே மிரட்டுறார். நகைச்சீட்டுத் திரியிலயும் இவர் இப்படித்தான்.

கணக்குப்பிள்ளை: நகைச்சீட்டுத் திரியில பதில் சொல்ல முடியாம ஓடினது யாருன்னு எல்லாரும் பார்த்தாங்க தம்பி. பெரிய ஓட்டை 464-ல இல்லை. மொத்தமா கட்டினா அதே கார்டுக்கு 1,500 ரூபாய் தள்ளுபடி இருக்கான்னு பில் போடும் முன்னாடி பாருங்க. இஎம்ஐ எடுத்தா அது பல கடைகள்ல கிடைக்காது. அப்போ போனோட நிஜ விலை 28,500, நீங்க கட்டுறது 30,463. வருஷக் கணக்குல சுமார் 23 சதவீத வட்டி.

கொங்குக்காரன்: அப்ப 18 சதவீதம்னு நான் சொன்னது குறைச்சல்தானுங்களே?

கணக்குப்பிள்ளை: ஐயா, அது வரி, இது வட்டி!

சைதைசெல்வம்: ஆறஞ்சு முப்பது. எங்க வாத்தியார் சொல்லிக்குடுத்தது இதான்.

கணக்குப்பிள்ளை: அந்த 64-ஐ மட்டும் அவர் சொல்லித்தரலை போல.