எடை குறைக்கும்போது புரதத்துக்குத் தயிரா, பன்னீரா?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேணும். நான் சைவம், முட்டையும் இல்லை. எடை குறைக்க ஒரு நாளைக்கு 1600 கலோரிக்குள் நிற்கிறேன், புரதம் 80 கிராமாவது வேணும். பருப்பு, சோயா, கடலை எல்லாம் சேர்த்து 60 வருகிறது, மிச்சம் 20ஐப் பாலில்தான் எடுக்க வேணும்.

பன்னீர் 100 கிராமில் 18 கிராம் புரதம் கிடைக்கும், ஆனால் 300 கலோரி போய்விடும், பாதிக்கு மேல் கொழுப்புத்தான். சட்டியில் வரும் எருமைத் தயிரும் அப்படித்தான், ருசிக்கு அதை அடிக்க ஒன்றுமில்லை என்பது வேறு கதை. மோர் வயிற்றை நிரப்பும், ஆனால் ஒரு கப் தயிரில் மூன்று கப் தண்ணீர் விட்டால் அந்த 7 கிராம் புரதம்தான் நாலு கப்புக்கும் பங்கு!

கணக்குப் பார்த்தால் கொழுப்பு நீக்கிய பால்மா 50 கிராமில் 180 கலோரிக்கு 17 கிராம் வருகிறது. சரி என்று அதில் தயிர் தோய்த்தேன், 100 கிராமை ஒரு லீற்றரில் கரைத்து. தண்ணீராய்ப் பிரிந்து நிற்கிறது. மாவைக் கூட்டவா, துணியில் வடிக்கவா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கோ.