புதுப்பிப்பு: 64 விண்ணப்பங்களுக்குப் பிறகு

"வேலைக்கு 64 இடத்தில் விண்ணப்பித்துவிட்டேன். எனக்குத் தகுதியே இல்லையா?" – போன மாதம் நான் இங்கே கேட்டது.

பதில் எழுதியவர்களில் ஆட்சேர்ப்பில் இருக்கும் அக்கா சொன்னபடி, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நின்றது என்று நோட்டில் பிரித்தேன். 58 இடங்களில் பதிலே இல்லை. பேச அழைத்த 6 பேரில் 4 பேர் இரண்டாம் சுற்றுக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். என்னைப் பார்த்துப் பேசியவர்கள் என்னை மட்டமாக நினைக்கவில்லை.

"ரெஸ்யூமேதான் கோளாறு" என்ற தம்பி பாதி சரி. ரெஸ்யூமே பிடிஎஃபிலிருந்து எழுத்தை நோட்பேடில் ஒட்டினால் இரண்டு நெடுவரிசையும் கலந்து வந்தது. ஒரே நெடுவரிசையாக்கினேன். அப்புறம் அனுப்பிய 12இல் 2 அழைப்பு. காரணம் அதுதானா, தெரியவில்லை.

அரசுத் தேர்வுக் கதை சொன்ன அண்ணா, நான் கேட்டது வேறு. ஆனாலும் இரண்டு முறை படித்தேன்.

இப்போது காலை 11 மணிவரை மட்டும்தான் விண்ணப்பம். வியாழன் ஒரு நேர்காணல்.