மறு: “மட்டுமல்ல… உம்” என்ற கட்டுக்குப் பெயர் என்ன?

பொன்னி:

அனைவருக்கும் வணக்கம். கட்டுரை எழுதுவோருக்கான நடைக் கையேட்டில் ஒரு பதிவு தலைச்சொல் இல்லாமல் நிற்கிறது. ‘அது மட்டுமல்ல, இதுவும்’ என்று வரும் கட்டு. ஆங்கிலத்தில் நாட் ஒன்லி, பட் ஆல்சோ. ஒருமுறை வந்தால் யாரும் கவனிப்பதில்லை. அடுத்தடுத்து வந்தால் படிவம் நிரப்பியதுபோல் இருக்கிறது. எனக்கு இரண்டு சொல் வேண்டும்: கட்டுக்கு ஒன்று, அது திரும்பத் திரும்ப வருகிற குறைக்கு ஒன்று. முதலாவதற்குத் ‘தராசுத்தொடர்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். சோதிக்க ஒரு மாதிரிப் பத்தி:

“பனை தமிழ்நாட்டின் மாநில மரம் மட்டுமல்ல, மக்களின் வாழ்வாதாரமும் ஆகும். பதநீர் குடிப்பதற்கு மட்டுமின்றி, கருப்பட்டி காய்ச்சவும் பயன்படுகிறது. ஓலை கூரை வேய்வதற்கு மட்டுமல்லாமல், பெட்டி முடையவும் உதவுகிறது. பனை ஒரு மரம் மட்டுமல்ல, ஒரு பண்பாடும் ஆகும்.”

கண்மணி:

இதற்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதே, அடுக்குத்தொடர். ‘பாம்பு பாம்பு’ போல.

பொன்னி:

இல்லை கண்மணி, அடுக்குத்தொடரில் அதே சொல் திரும்ப வரும். இங்கே சொற்கள் மாறுகின்றன, கட்டு மட்டும் மாறாமல் நிற்கிறது.

முத்து:

பெயரெல்லாம் எதற்கு? இது ஆங்கிலத்திலிருந்து செய்தி மொழிபெயர்ப்பு வழியாக வந்த ஒட்டு. தமிழில் கிடையாது என்று ஒரு வரி எழுதித் தடை செய்துவிடுங்கள்.

அருள்:

முத்து சொல்வது பாதி சரி. இன்று இது இவ்வளவு அடர்த்தியாக வருவதில் மொழிபெயர்ப்புக்குப் பங்கு உண்டு. ஆனால் ‘அன்றியும்’, ‘அதுவேயன்றி இதுவும்’ என்ற நடை உரையாசிரியர்களிடமே இருக்கிறது. தடை நிற்காது.

பொன்னியின் ‘தராசு’தான் எனக்கு இடறுகிறது. தராசில் இரண்டு தட்டும் ஒரே எடை. இந்தக் கட்டில் அப்படியில்லை. ‘மட்டுமல்ல’வுக்கு முன்னால் வருவது வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்தது என்று வைத்துக்கொண்டு, பின்னால் வருவதைப் புதுச் செய்தியாக நீட்டுகிறோம். எடை முழுவதும் பின்னால்தான். ஆகவே இதைப் பயன்படுத்த ஒரு முன்நிபந்தனை உண்டு: வாசகர் முதல் செய்தியோடு நின்றுவிடக்கூடியவராக இருக்க வேண்டும்.

மாதிரியின் முதல் வரியைப் பாருங்கள். பனை மாநில மரம், அதற்குமேல் ஒன்றுமில்லை என்று யாராவது நினைப்பார்களா? யாரும் நினைக்காததை மறுத்துவிட்டு மேலே போகிறது வாக்கியம். அந்த மறுப்பு வெறும் ஓசை. இப்படி இரண்டு வந்ததும் வாசகர் பழகிவிடுகிறார். மூன்றாவது ‘மட்டுமல்லாமல்’ கண்ணில் பட்டதும் கடைசியில் ஒரு ‘உம்’ வரப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்தபின் இரண்டாம் பாதியைப் படிப்பதில்லை, தாண்டுகிறார்.

இன்னொன்று. சொல்ல வேண்டியதை வினைக்குச் சற்று முன்னால் வைத்தால் தமிழில் அழுத்தம் தானாக அங்கே விழும். நான்கு வாக்கியமும் ஒரே கட்டில் இருந்தால் நான்கிலும் அழுத்தம் ஒரே இடத்தில் விழுகிறது. ‘ஆகும், பயன்படுகிறது, உதவுகிறது, ஆகும்’ என்று முடிவும் ஒரே மாதிரி. சலிப்பில் பாதி அங்கிருந்து வருகிறது.

முத்து:

சரி, தடை வேண்டாம். ஒரே சொல் திரும்ப வருவதுதான் பிரச்சினை என்றால் மாற்றி மாற்றிப் போடலாமே? மட்டுமல்ல, மட்டுமின்றி, மட்டுமன்றி, அதோடு நில்லாமல், தவிரவும். ஐந்து இருக்கிறது.

அருள்:

மாதிரியில் மூன்று வடிவம் மாறி மாறித்தானே வருகிறது? அப்படியும் ஒரே தாளமாகத்தான் கேட்கிறது. சட்டையை மாற்றினாலும் நடை மாறாது.

பொன்னி:

அருள் ஐயா, அப்படியானால் என்ன செய்யச் சொல்வது? ‘குறைத்து எழுதுக’ என்று மட்டும் கையேட்டில் போட்டால் யாருக்கும் உதவாது.

அருள்:

முதலில் உம்மையை நம்பச் சொல்லுங்கள். தொல்காப்பியம் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. அதில் ஒன்று எச்சம். ‘சாத்தனும் வந்தான்’ என்றாலே வேறொருவர் வந்தது உள்ளே இருக்கிறது. ‘கொற்றன் மட்டுமல்ல, சாத்தனும் வந்தான்’ என்பதில் முதல் பாதியின் வேலையை அந்த ஒரு ‘உம்’ செய்துவிடுகிறது. கொற்றன் முந்தின வாக்கியத்திலேயே வந்துவிட்டால் ‘சாத்தனும்’ போதும். இதற்கும் மேலே ‘சாத்தனும்கூட’ என்று எழுதுகிறவர்கள் ஒரே வேலைக்கு மூன்று ஆள் வைக்கிறார்கள்.

இரண்டாவது, இதுதான் முக்கியம். இந்தக் கட்டு இரண்டு செய்திகளுக்கு நடுவே உள்ள உண்மையான உறவை மறைத்துவிடும். ‘இதுவும் உண்டு, அதுவும் உண்டு’ என்று கூட்டல் குறி மட்டும் போடும். பதநீருக்கும் கருப்பட்டிக்கும் உள்ள உறவு கூட்டலா? பதநீர் வைத்திருந்தால் புளித்துவிடும். அதனால்தான் காய்ச்சுகிறார்கள். அது காரணம். கூரை ஓலைக்கும் பெட்டி ஓலைக்கும் உள்ளது வகை வேறுபாடு: கூரைக்கு முற்றிய ஓலை, பெட்டிக்குக் குருத்தோலை. ‘மட்டுமல்லாமல்’ என்று எழுதியவர் இந்த இரண்டு செய்தியையும் தேடவே வேண்டியிருக்கவில்லை. கட்டு அவரைக் காப்பாற்றிவிட்டது.

நான் திருத்தினால் இப்படி வரும்:

“பதநீர் நேரமானால் புளித்துவிடும். குடித்தது போக மீதியை அன்றே காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகிறார்கள். கூரைக்குப் போவது முற்றிய ஓலை. பெட்டி முடையக் குருத்தோலைதான் வளையும். நுங்கு மட்டுமல்ல, விதை முளைத்து மண்ணுக்குள் இறங்கும் கிழங்கும் உணவு.”

கடைசியில் ஒரு ‘மட்டுமல்ல’ வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நகரத்து வாசகர் நுங்கோடு நின்றுவிடக்கூடியவர். முன்நிபந்தனை அங்கே பொருந்துகிறது. ‘கூரைக்குப் போவது’ என்று வினையை முன்னால் தள்ளிப் பெயராக்கியதில் அழுத்தம் ‘முற்றிய ஓலை’யில் விழுந்தது. அடுத்ததில் ‘தான்’ அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் ‘தான்’ எல்லா வரியிலும் ஏறினால் அதுவும் இதே நோய். மூன்று பத்திக்கு ஒன்று என்று நானே எண்ணிக்கொள்வேன்.

மாநில மரம், பண்பாடு இரண்டு வரியும் போய்விட்டன. முதலாவதைத் தகவலாக வேறிடத்தில் சொல்லலாம். இரண்டாவதில் சொல்ல ஒன்றுமில்லை. தவிர, வெளிப்புறம் வைரம் உள்ளதைப் ‘புல்’ என்கிறது தொல்காப்பிய மரபியல். அந்தக் கணக்கில் பனை புல்தான், ‘ஒரு மரம்’ என்பதே கேள்விக்குரியது!

தவராசா:

ஐயா, பொன்னி, இரண்டு பேருக்கும் வணக்கம். ஒரு குறிப்பு. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் ‘மட்டும்’ எண்டால் ‘வரைக்கும்’ எண்டும் பொருள். ‘கொழும்பு மட்டும் போனவர்’ எண்டால் கொழும்பு வரை போனார் எண்டு. மட்டு என்பது எல்லைதானே. அப்பிடிப் பார்த்தால் ‘அது மட்டுமல்ல’ என்பது ‘அந்த எல்லையோட நிக்கேல்லை’. அருள் ஐயா சொன்ன ‘வாசகர் நின்றுவிடுவாரா’ என்ற சோதனை சொல்லுக்குள்ளேயே இருக்குது. ‘எல்லைகடப்புத் தொடர்’ எண்டு வைக்கலாமோ?

மற்றது, மேடைப் பேச்சுக்கு இந்தச் சட்டத்தைக் கொண்டுபோக வேண்டாம். நான் கூட்டங்களுக்கு உரை எழுதிக் குடுக்கிறனான். கேட்கிறவருக்குப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க ஏலாது. ‘மட்டுமல்ல’ எண்டு நிறுத்தினால் அடுத்தது வரப்போகுதெண்டு காது தயாராகும். எழுத்தில் குறையாய் இருக்கிற அதே முன்னறிவிப்பு அங்க உதவி.

பொன்னி:

தவராசா அண்ணை, ‘எல்லைகடப்பு’ பொருளுக்குப் பொருந்துகிறது. ஆனால் தனியே பார்த்தால் ராணுவச் செய்தி மாதிரி இருக்கிறது. ‘மட்டுத்தொடர்’ என்றும் யோசித்தேன். மட்டுறுத்தல் என்பது இணையத்தில் வேறு பொருளில் நிலைத்துவிட்டதால் குழப்பும்.

கண்மணி:

கிணற்றில் நீர் இறைக்க ஏற்றம் இருந்ததே, ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயரும். முதல் பாதி தாழ்ந்து இரண்டாவதைத் தூக்குகிறது. ‘ஏற்றத்தொடர்’?

அருள்:

படம் நன்றாக இருக்கிறது, தராசைவிடச் சரியும்கூட. (மேலே நான் திட்டிய ‘கூட’வை நானே போட்டுவிட்டேன்.) கணக்கில் ‘ஏறுவரிசை’ இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைப்பார்களோ என்ற ஒரு சந்தேகம்தான்.

குறைக்கு என் பரிந்துரை ‘வார்ப்புநடை’. தேய்வழக்கு என்பது தேய்ந்த சொற்களுக்குச் சரி. இங்கே சொற்கள் புதிது, வார்க்கிற அச்சு பழையது. விக்கிப்பீடியாவில் வார்ப்புரு என்று எல்லாரும் பழகியதால் விளக்கமும் தேவைப்படாது.

முத்து:

வார்ப்புருவைப் போடுவது நல்ல வேலை, குறையாக யாரும் பார்ப்பதில்லை. விக்கிப் பயனர் ‘வார்ப்புநடை’ என்றால் சீரான நடை என்று பாராட்டாக எடுத்துக்கொள்வார். எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் எண்ண ஒரு வழி தருகிறேன். கோப்பில் எத்தனை இடம் என்று பார்க்க:

```
grep -noE 'மட்டுமல்ல|மட்டுமின்றி|மட்டுமன்றி|மட்டுமில்லாமல்|மட்டும் அல்ல' katturai.txt
```

வரி எண்ணோடு வரும். எண்கள் நெருங்கி நிற்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள்.

அருள்:

பயன்படும். ‘அதோடு நில்லாமல்’, ‘ஒருபுறம், மறுபுறம்’ எல்லாம் இதில் சிக்காது. ‘பணம் மட்டுமல்ல காரணம்’ என்று வெறும் மறுப்பாக வருவதும் சேர்ந்துவிடும், அதைக் கண்ணால்தான் கழிக்க வேண்டும். அந்த வரிகளைப் பார்க்கும்போதே வேற்றுமை உருபையும் பார்த்துவிடுங்கள். ‘மாணவர்கள் மட்டுமல்ல, ஆசிரியர்களுக்கும் பரிசு’ என்று எழுதுகிறார்கள். ‘மாணவர்களுக்கு மட்டுமல்ல’ என்று வர வேண்டும். கை பழகிய கட்டு என்பதால் உருபு விழுந்ததே தெரிவதில்லை.

பொன்னி:

கட்டுக்கு ‘ஏற்றத்தொடர்’ என்று இப்போதைக்குப் பதிகிறேன், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. மேடை உரைக்கு விதிவிலக்கு என்று தவராசா அண்ணை சொன்னதும் சேரும். குறையின் பெயர் காலியாகவே இருக்கட்டும். முத்து, ‘வார்ப்பு’ வேண்டாமென்றால் வேறு ஒன்று சொல்லுங்கள். ‘அச்சுநடை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அச்சகத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.