புதுப்பிப்பு: மேசைப் படத்தில் இருப்பது ஸ்டேப்ளரா, பஞ்சிங் மெஷினா?

"அலுவலக மேசைப் படங்களில் உள்ள பொருள்களுக்குப் பெயர் குறிக்கிறேன். கறுப்பாகக் கிடப்பது ஸ்டேப்ளரா பஞ்சிங் மெஷினா என்று எப்படிப் பிரிப்பது?"

நான் கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "நீளமாக இருந்தால் ஸ்டேப்ளர்" என்றார் ஒருவர். பக்கவாட்டுப் படத்தில் சரிதான், முன்னாலிருந்து எடுத்த படத்தில் உதவாது. ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் அண்ணன் சொன்ன வழிதான் கைகொடுத்தது: வாயைப் பாருங்கள். ஸ்டேப்ளரின் மூக்குக்கு நேர் கீழே, பின்னை மடக்கும் சின்னப் பள்ளத் தகடு இருக்கும். இரட்டைத் துளை பஞ்சிங் மெஷினில் தாள் நுழைய அகலமான பிளவும், அடியில் வெட்டுத் துண்டுகள் விழும் தட்டும் இருக்கும்.



பைண்டர் கிளிப்பும் ஃபாஸ்ட்னரும் குழப்பியது, கிளிப்பின் கம்பிக் காதுகள் மடங்கிக் கிடந்தபோதுதான். அங்கே தாளின் விளிம்பைப் பார்த்தேன். கிளிப் விளிம்பையே கவ்வும், துளை வேண்டாம். ஃபாஸ்ட்னரின் தகடுகள் துளை வழியே வருவதால் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும். ஐஎஸ்ஓ அளவில் 12 மி.மீ., இரு துளைகளுக்கு இடையே 80 மி.மீ. ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. என்பதால் படத்திலேயே ஒப்பிடலாம். தாள் சாய்ந்திருந்தால் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

ஒரு படம் மட்டும் பாக்கி. குறடு மாதிரி ஒன்று, வாய்ப்பகுதி ஃபைலுக்கு அடியில். ஒற்றைத் துளை பஞ்சிங் மெஷினும் அப்படித்தான் இருக்கும், குறடு வடிவ ஸ்டேப்ளரும் அப்படித்தான். "தெரியவில்லை" என்று குறித்துவிட்டேன். அண்ணன் பஞ்சிங் மெஷின்தான் என்கிறார்.